போன்ல அஞ்சு, காதுல நூறு: இயர்பட்ஸ் வால்யூம் ஏன் திடீர்னு எகிறுது?

போன் திரையில் வால்யூம் கோடு மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். காதில் பாட்டு அலறும். அவசரமாகக் குறைத்தால் ஒரேடியாகச் சத்தமே இல்லாமல் போகும். ஒரு புள்ளி ஏற்றினால் கோடு ஏறிவிட்டு, தானாகவே பழைய இடத்துக்கு இறங்கி வரும். 'இயர்பட்ஸ் போச்சுப்பா' என்று பலரும் புதுசு வாங்கக் கிளம்புவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் இயர்பட்ஸ் போயிருக்காது. போனும் இயர்பட்ஸும் ஒன்றை ஒன்று தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும், அவ்ளோதான்.

ப்ளூடூத்தில் சத்தத்தைக் குறைக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. பாட்டை அனுப்பும் முன்பே போன் குறைக்கலாம். இல்லையென்றால் போன் முழு அளவில் அனுப்ப, இயர்பட்ஸ் தன் பக்கம் குறைக்கலாம். ஆரம்பத்தில் இரண்டும் தனித்தனியாக நடந்தன. வீட்டுத் தண்ணிக் குழாய்க்கு மாடியில் ஒரு வால்வு, கீழே ஒரு வால்வு இருக்கிற மாதிரி. எதை எவ்வளவு திறந்தோம் என்று நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான் அப்சல்யூட் வால்யூம். ப்ளூடூத்தில் பிளே, பாஸ் போன்ற கட்டளைகளைக் கொண்டுபோகும் ஏவிஆர்சிபி என்ற விதிமுறையின் 1.4 பதிப்பில் இது சேர்ந்தது. ஆண்ட்ராய்டுக்கு 2015-ல் மார்ஷ்மெல்லோவுடன் வந்தது. யோசனை எளிமையானது. மாடி வால்வை முழுசாகத் திறந்து வைத்துவிடுவது. கீழ் வால்வை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை போன் 0 முதல் 127 வரை ஒரு எண்ணாகச் சொல்வது. இயர்பட்ஸைத் தட்டி நாம் வால்யூமை மாற்றினால், அதுவும் புது எண்ணைப் போனுக்குத் திருப்பிச் சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே வால்யூம்.

பேப்பரில் அழகாக இருக்கிறது. சிக்கல், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதில் தொடங்குகிறது. 42 என்றால் எத்தனை டெசிபல் என்பதை ஒவ்வொரு இயர்பட்ஸ் கம்பெனியும் தானே முடிவு செய்கிறது. அதனால்தான் ஒரு ஜோடியில் முதல் புள்ளியே சத்தமாக இருக்கிறது, இன்னொன்றில் பாதி வரை ஏற்றினாலும் ஒன்றும் கேட்பதில்லை.

கோடு தானாக இறங்குவதற்கும் காரணம் கணக்குதான். உங்கள் போனில் 15 படிகள், இயர்பட்ஸில் 16 நிலைகள் என்று வைத்துக்கொள்வோம். போனில் 5-ம் படி என்பது 127-ல் 42. இயர்பட்ஸ் அதை எட்டால் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, தன் 5-வது நிலைக்குப் போகிறது. பிறகு 'நான் 40-ல் இருக்கேன்' என்று போனுக்குப் பதில் சொல்கிறது. 40 என்பது போனின் அளவில் 4.7-வது படி. போன் மென்பொருள் அதை 5 என்று முழுமையாக்கினால் பிரச்சினை இல்லை. தசமத்தை வெட்டினால் திரையில் 4 என்று வந்து நிற்கும். நீங்கள் மறுபடி ஏற்றுவீர்கள். மறுபடி 42 போகும், மறுபடி 40 வரும், மறுபடி 4. பட்டனை எத்தனை முறை தட்டினாலும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இது எரிச்சல் மட்டும்தான். காதுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: ஒரே இயர்பட்ஸை லேப்டாப், போன் இரண்டிலும் ஒரே நேரத்தில் இணைத்து வைக்கும் வசதியில்.

லேப்டாப்பில் ஒரு வீடியோ பார்க்கிறீர்கள். விண்டோஸ் வால்யூம் 100-ல் இருக்கிறது. வீடியோ பிளேயரின் சொந்த ஸ்லைடரை மட்டும் குறைத்து வைத்திருக்கிறீர்கள். காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் விண்டோஸும் அப்சல்யூட் வால்யூம் பேசும் என்பதால், இயர்பட்ஸுக்குப் போன எண் 127. அதாவது கீழ் வால்வு முழுசாகத் திறந்துவிட்டது. இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு போனில் பாட்டைப் போடுகிறீர்கள். போன் தன் பங்குக்குப் பாட்டை முழு அளவில் அனுப்புகிறது, ஏனென்றால் குறைக்க வேண்டியது இயர்பட்ஸ்தான் என்று அது நம்புகிறது. இணைப்பு துண்டிக்கப்படாததால் 'உன் அளவு 42' என்று மறுபடி சொல்ல வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி அளவை ஞாபகம் வைக்காத இயர்பட்ஸாக இருந்தால், திரையில் 5, காதில் 127.

இது எவ்வளவு பெரிய தாவல்? 42-க்கும் 127-க்கும் இடையே அந்த இயர்பட்ஸ் 30 டெசிபல் வைத்திருந்தால், ஒலியின் ஆற்றல் ஆயிரம் மடங்கு. காது உணர்வது ஏறத்தாழ எட்டு மடங்கு. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து டெசிபலுக்கே அவ்வளவு வித்தியாசம்.

உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கண்டுபிடிப்பது சுலபம். இயர்பட்ஸைக் காதிலிருந்து எடுத்துவிட்டு (இது முக்கியம்) அதன் மேல் தட்டி வால்யூமை மாற்றுங்கள். போன் திரையில் கோடும் சேர்ந்து நகர்ந்தால் அப்சல்யூட் வால்யூம் வேலை செய்கிறது. நகரவில்லை என்றால் இரண்டு வால்வும் தனித்தனி.

அதை அணைக்க ஆண்ட்ராய்டில் வழி உண்டு. About phone பகுதியில் Build number-ஐ ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும். அதில் Disable absolute volume என்ற ஸ்விட்ச் இருக்கும். போட்டுவிட்டு இயர்பட்ஸைத் துண்டித்து மறுபடி இணைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்த நேரத்தில் இயர்பட்ஸ் கடைசியாக எந்த அளவில் நின்றதோ அதிலேயே இருக்கும். அதனால் போன் வால்யூமை முதலில் அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பாட்டைப் போட்டு, இயர்பட்ஸைத் தட்டி நடுவில் வைத்துவிட்டு, அதற்கப்புறம் காதில் மாட்டுங்கள். ஐபோனில் இப்படி ஒரு ஸ்விட்ச் கிடையாது. Headphone Safety-யில் உச்ச வரம்பு வைக்கலாம். ஆனால் ஆப்பிள், பீட்ஸ் அல்லாத இயர்பட்ஸுக்கு அந்த அளவு வெறும் மதிப்பீடுதான்.

எனக்குக் கோபம் வருவது அந்த ஸ்விட்ச் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான். ஆப் எழுதுபவர்களுக்கான பக்கத்தில், 'முடக்கு' என்பதை 'ஆன்' செய்ய வேண்டிய தலைகீழ் வார்த்தையில் ஒளிந்திருக்கிறது. போட்டால் நன்றாக வேலை செய்யும் கார் ஸ்டீரியோ உட்பட எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்தே போய்விடும். இத்தனைக்கும் சில கருவிகள் இந்த வசதியில் சொதப்பும் என்பது கூகுளுக்குத் தெரியாததல்ல. ஆண்ட்ராய்டின் திறந்த மூலக் குறியீட்டிலேயே, எந்தக் கருவிகளுடன் அப்சல்யூட் வால்யூம் பேசக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் சேர்க்கும் உரிமையை நமக்கும் கொடுத்தால் என்ன? ப்ளூடூத் பக்கத்தில் ஒவ்வொரு கருவியின் பெயருக்குக் கீழும் ஒரு ஸ்விட்ச் போதும்.

எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறையில் வால்யூம் 0 முதல் 255 வரை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண்ணும் உண்டு. பழைய வரிசை எண்ணை வைத்துக்கொண்டு ஒரு போன் கட்டளை போட்டால் இயர்பட்ஸ் ஏற்காது; முதலில் இப்போதைய அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். லேப்டாப் ஏற்றியதை போன் அறியாமல் இருக்கும் நிலை இதில் குறையும். ஆனால் 255-ல் 84 என்றால் எத்தனை டெசிபல் என்பது இப்போதும் கம்பெனியின் இஷ்டம்தான்.