அழிக்க முன்னம் ஒருக்கா நில்லுங்கோ

மிரட்டல் வந்த உடனே எங்கட பிள்ளைகள் முதல் செய்யிற வேலை, தங்கட போனில இருக்கிற படத்தை அழிக்கிறது. அம்மா கண்டிடுவா, அண்ணன் போனை வாங்கிப் பார்ப்பான் எண்ட பயம். அந்தப் பயம் எங்களுக்கு விளங்குது. ஆனால் அந்த ஒரு அழிப்போட, படம் பரவாமல் தடுக்கக்கூடிய ஆகச் சிறந்த வழியும் கையை விட்டுப் போகிறது.

எப்படி எண்டு ஒரு உதாரணத்தோட பார்ப்பம். கிளிநொச்சியில இருபது வயதுப் பிள்ளை ஒன்று எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. முந்திப் பழகினவன் மூன்று படங்களை வட்ஸ்அப்பில அனுப்பி, "நாளைக்குள்ள காசு போடு, இல்லாட்டி பேஸ்புக்கில போடுவன்" என்கிறான். படம் இன்னும் எங்கேயும் வரவில்லை. இந்த ஒரு நாள்தான் அவளிடம் இருக்கிற பெரிய பலம்.

StopNCII.org என்ற தளம் இருக்கிறது. பிரித்தானியாவில் இந்த விசயத்துக்கெண்டே இயங்குகிற உதவிச் சேவை ஒன்று 2021 டிசம்பரில் தொடங்கியது. அங்கே போய் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லி, தன் போனில இருக்கிற அந்த மூன்று படங்களையும் அவள் தெரிவு செய்ய வேண்டும். படம் எங்கேயும் ஏறாது. போனுக்குள்ளேயே அந்தப் படத்துக்கு ஒரு நீண்ட இலக்கம் உருவாகும், கைரேகை மாதிரி. அந்த இலக்கம் மட்டும்தான் வெளியே போகும். இலக்கத்தை வைச்சுப் படத்தைத் திரும்பச் செய்ய ஏலாது. பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், ரெடிட் போன்ற நிறுவனங்கள் அந்த இலக்கத்தைப் பெற்று, தங்கட தளத்தில அதே படம் ஏறினால் பார்த்து நீக்குகின்றன. முடிவில ஒரு வழக்கு இலக்கமும் அவளே தெரிவு செய்த பின் இலக்கமும் கையில இருக்கும். இரண்டையும் கொப்பியில எழுதி வைக்க வேணும், துலைச்சால் திருப்பித் தர மாட்டார்கள்.

இப்ப விளங்குதுதானே, படத்தை ஏன் அழிக்கக் கூடாது எண்டு? கைரேகை எடுக்க விரல் வேணும். தன்னட்ட இருந்ததை அழிச்சிட்டால், அவன் அனுப்பின பிரதி இருந்தாலும் போதும், ஆகவே அவனை block பண்ணி chat ஐ அழிக்கிறதுக்கு முதல் அதைச் சேமிச்சுக்கொள்ளுங்கோ. இரண்டு பிரதியும் இருந்தால் இரண்டையும் போடுங்கோ. அவன் படத்தை வெட்டியிருந்தால் வெட்டின பிரதி தனி இலக்கம். வீடியோவில இது இன்னும் கவனம், சின்னதாக வெட்டினாலே இலக்கம் மாறக்கூடும்.

எல்லாத்துக்கும் இது பொருந்தாது. படத்தில இருப்பவர்தான் போட முடியும், அவருக்கு 18 வயது ஆகியிருக்க வேணும், படமும் அந்தரங்கமானதாக இருக்க வேணும். உடுப்போட நிற்கிற படத்துக்குக் கீழே கேவலமாக எழுதியிருந்தால் இது வேலை செய்யாது. படம் எடுக்கிற நேரம் 18 ஆகாதவர்களுக்கு takeitdown.ncmec.org என்று வேறொரு தளம், வேலை செய்கிற விதம் அதேதான், பெயரும் கேட்கமாட்டார்கள். அந்த வயதுப் பிள்ளையின் படத்தை "சாட்சிக்கு" எண்டு கூட ஒருத்தரும் சேமிக்கவோ அனுப்பவோ வேண்டாம், இணைப்பை மட்டும் எழுதிக்கொண்டு 1929க்கு அடியுங்கோ.

படம் வெளியான பிறகு நீக்குகிறது எவ்வளவு கஷ்டம் எண்டதுக்கு 2025 யூலையில சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு சாட்சி. ஒரு பெண் சட்டத்தரணி. கல்லூரிக் காலத்தில பழகினவர் அவருடைய சம்மதம் இல்லாமல் எடுத்த வீடியோ பல தளங்களில பரவிவிட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்துக்குள்ள நீக்கச் சொல்லி இந்திய அரசுக்கு உத்தரவிட்டார். நீக்கவும் செய்தார்கள். ஆனால் அங்க நீக்க இங்க முளைச்சது. சட்டம் தெரிந்தவர், உயர் நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தவர், அவருக்கே இந்த நிலை. அந்த வழக்கில நீதிபதி கோபப்பட்ட இன்னொரு விசயம், ஆண் பொலிஸார் பலர் அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே வீடியோவைப் பார்த்தது.

அதைத்தான் எங்கட ஊர்ப் பிள்ளைகளும் பயப்பிடுகிறார்கள். முல்லைத்தீவோ வவுனியாவோ, பொலிஸ் வாசலில நிற்கிறவரைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது வீதியில போவார். "ஏன் பிள்ளை எடுத்தனி?" எண்ட கேள்வி முதல் வரும். அந்தக் கேள்விக்கு முறைப்பாட்டில இடமே இல்லை எண்டது எங்கட நிலைப்பாடு. படம் அவள் விரும்பி எடுத்ததாகவே இருக்கட்டும், பரப்பச் சம்மதிச்சாளா எண்டதுதான் விசயம்.

ஆனபடியால் எங்கட ஒழுங்கு இது: முதல் இலக்கம், பிறகு தளத்துக்கு முறைப்பாடு, அதுக்குப் பிறகு பொலிஸ். பொலிஸ் முக்கியமில்லை எண்டு இல்லை. பொலிஸ் ஆளைப் பிடிக்கும், படத்தை அந்த இரவே இறக்காது.

படம் ஏறிவிட்டால், பதிவின் முழு இணைப்பையும், போட்ட கணக்கின் பெயரையும், திகதி நேரத்தையும் முதல் எடுங்கோ. பிறகு அந்தத் தளத்துக்குள்ளேயே, சம்மதமில்லாத அந்தரங்கப் படம் எண்ட பிரிவில முறைப்பாடு செய்யுங்கோ. "எனக்குப் பிடிக்கவில்லை" எண்ட பிரிவில போட்டால் வேறு வரிசைக்குப் போய்விடும். நண்பர்களிட்ட இணைப்பை அனுப்பி "எல்லாரும் report அடியுங்கோ" எண்டு கேட்கிற பழக்கம் ஒன்று இருக்கு. நல்ல மனசில செய்யிறதுதான், ஆனால் அந்தப் படத்தை இன்னும் நூறு பேருக்குக் காட்டுகிறோம். முறைப்பாடு எத்தனை எண்டதை வைச்சுப் பேஸ்புக் முடிவெடுக்கிறதும் இல்லை.

இதெல்லாம் தனியச் செய்ய ஏலாமல் இருந்தால் ஹிதவதி (hithawathi.lk, 077 771 1199) தமிழிலும் பேசும், தளங்களோட தொடர்புகொண்டு நீக்கவும் உதவும். இலங்கை கணினி அவசரப் பிரிவின் இலக்கம் 101. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பொலிஸுக்குப் போகேக்க சிறுவர், பெண்கள் பணியகத்தைக் கேளுங்கோ, அவர்களின் இலக்கம் 109. பெண் உத்தியோகத்தர் வேணும் எண்டும் கேளுங்கோ. காசு கேட்ட செய்தி இருந்தால் அதை முன்னுக்கு வையுங்கோ, அது கப்பம், தனிக் குற்றம். படத்தை மறைச்சு இணைப்பும் திகதியும் தெரிகிற மாதிரி அச்செடுத்துக் கொண்டு போனால் ஒவ்வொரு மேசையிலும் போனைத் திறந்து காட்டத் தேவையில்லை. வடக்கில நிர்வாக மொழி தமிழ். வாக்குமூலத்தைத் தமிழில எழுதச் சொல்லுங்கோ, வாசிக்காமல் கையொப்பம் வைக்காதேங்கோ. முறைப்பாட்டுப் பதிவு இலக்கத்தை வாங்காமல் வெளிக்கிடவும் வேண்டாம். உள்ளூர் நிலையத்துக்குப் போக ஏலாட்டி கொழும்பில குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்கு எழுதலாம்.

மிச்சம் இருக்கிறது வட்ஸ்அப். எங்கட பக்கம் படம் பரவுகிறது கூடுதலாக அங்கதான், அங்கே இலக்கமும் உதவாது, ஏனெண்டால் செய்திகளை நிறுவனமே திறந்து பார்க்க முடியாது. அங்க ஒரேயொரு ஆளிட்டத்தான் அதிகாரம் இருக்கு: குழுவின் admin. மற்றவர் போட்டதையும் எல்லாருக்கும் இல்லாமல் அழிக்க அவரால முடியும். ஆனால் இரண்டு மூன்று நாள் போனால் அந்த வழி மூடிவிடும், ஏற்கெனவே சேமிச்சவரின் போனிலிருந்து எடுக்கவும் ஏலாது. ஊர்க் குழு, பழைய மாணவர் குழு எண்டால் admin பாதிப் பேர் கனடாவிலயும் சுவிஸிலயும் இருக்கினம். அங்க விடியப்புறம் எண்டு யோசிக்காமல் செய்தி போடாமல் நேரா call எடுங்கோ. அவர் "போட்டது நான் இல்லையே" எண்டு சொன்னால், அழிக்கிற பொத்தான் உங்கட கையிலதான் இருக்கு அண்ணா எண்டு சொல்லுங்கோ.