வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு சீட்டு

முதலில் அந்தச் சீட்டையே கொடுத்துவிடுகிறேன். பிறகு சண்டை போடலாம்.

"வணக்கம். 302ஆம் வீட்டில் குடியிருக்கிறேன். வாசல் கதவின் டிஜிட்டல் பூட்டையும் ஹாலில் இருக்கும் ஹீட்டிங் பேனலையும் எப்படி இயக்குவது என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தர முடியுமா? பகலில் வீட்டில் இருப்பவர் என் அம்மா. அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். இரண்டும் முடியாதென்றால் கொரிய மொழியிலேயே எழுதிக் கொடுங்கள், நான் மாற்றிக்கொள்கிறேன். தெரிய வேண்டியவை நான்கு. பூட்டில் முதலில் இரண்டு எண்கள் மட்டும் எரிவது ஏன்? பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து எப்படித் திறப்பது? எங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் எண்ணும் கார்டும் இன்னும் வேலை செய்யுமா? பேனலில் 예약, 외출, 온돌 என்ற பட்டன்களை அழுத்தினால் என்ன நடக்கும்?"

அவ்வளவுதான். தென்கொரியாவின் சுவோன் நகரத்தில் நான்கு மாடி வாடகைக் கட்டடம் ஒன்றில், மேல் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு நான் அனுப்பியது. அலுவலக நண்பர் ஒருவர் கொரிய மொழியில் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூடிய நம்மூர் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். "தமிழ்லயா கேட்ட? ஏன்டா, செம்மொழி மாநாடா நடத்துற?" என்றான் ஒருவன். "இங்கிலீஷ்னு மட்டும் போட்டிருந்தா டீசன்ட்டா இருந்திருக்கும்" என்றான் இன்னொருவன். "அவங்க ஊர்ல வந்து இருக்கோம், நாமதான் அவங்க பாஷையக் கத்துக்கணும்" என்றார் பதினோரு வருடமாக இங்கே இருக்கும் அண்ணன் ஒருவர். மூன்று பேரும் மென்பொருள் பொறியாளர்கள். மூவருக்கும் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சீட்டுக்குப் பின்னால் இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன.

முதலாவது பூட்டு. ஜனவரி மாதம், பகல் பதினொன்றரை மணி. மனைவி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். ஏழு மாதக் குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா குப்பையைக் கீழே வைத்துவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். கொரியக் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். திரும்பி வந்து கண்ணாடிப் பலகையைத் தொட்டதும் பத்து எண்களில் இரண்டு மட்டும் எரிந்தன. ஒரு பெண் குரல் கொரிய மொழியில் ஏதோ சொன்னது. அம்மா நான் சொல்லிக் கொடுத்தபடி நான்கு எண்ணையும் நட்சத்திரக் குறியையும் அழுத்தினார். திறக்கவில்லை. மறுபடி, மறுபடி. ஐந்தாவது முறைக்குப் பிறகு பூட்டு அலறிவிட்டுச் சில நிமிடங்களுக்கு எதையும் ஏற்க மறுத்தது. மனைவி வந்து திறக்க இருபது நிமிடம் ஆகியிருக்கும். வெளியே உறைநிலைக்குக் கீழே பதினொரு டிகிரி. படிக்கட்டில் கொஞ்சம் பரவாயில்லை. குழந்தை அழும் சத்தம் கதவு வழியே கேட்டுக்கொண்டிருந்ததாம். அம்மா அதைப் பற்றி இன்றுவரை முழுதாகப் பேசியதில்லை.

தவறு என்னுடையதுதான். அந்த இரண்டு எண்கள் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. தினமும் அதே நான்கு எண்களைத் தொட்டால் கண்ணாடியில் அந்த நான்கு இடங்களில் மட்டும் விரல் பிசுக்குப் படியும். சாய்த்துப் பார்த்தாலே எண்கள் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் பூட்டு ஏதோ இரண்டு எண்களை எரியவிட்டு, முதலில் அவற்றை அழுத்தச் சொல்கிறது. அதன் பிறகே எல்லா எண்களும் எரியும், நம் எண்ணை அழுத்தலாம். இந்த வசதியை அணைத்தும் வைக்கலாம். நாங்கள் வந்தபோது அணைந்துதான் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் பேட்டரி மாற்றும்போது உள்பக்கம் எதையோ அழுத்தி நானே அதை இயக்கிவிட்டிருக்கிறேன் போலிருக்கிறது. நான் அதன் பிறகு வந்து போனதெல்லாம் கார்டை வைத்துத்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவிடம் கார்டு கிடையாது.

இரண்டாவது சம்பவம் பேனல். இங்கே வீட்டைச் சூடாக்குவது காற்றால் அல்ல, தரையால். கேஸ் பாய்லரில் சூடான நீர் தரைக்கு அடியில் பதித்த குழாய்களில் ஓடும். அதற்குப் பெயர்தான் ஒண்டோல், பேனலில் 온돌 என்றிருப்பது அதுதான். ஹங்குல் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியும். இரண்டு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். 예약 என்ற பட்டனை எழுத்துக்கூட்டி அகராதியில் பார்த்தேன். 'முன்பதிவு' என்றிருந்தது. சரி, அலாரம் மாதிரி என்று நினைத்து, காலை ஆறு மணிக்குச் சூடாகட்டும் என்று 6 வைத்துவிட்டுப் படுத்தோம். விடியற்காலை நான்கு மணிக்குத் தரை ஜில்லென்று கிடந்தது. குழந்தையின் கைகால்கள் விறைத்திருந்தன.

எங்கள் பேனலில் அந்த 6 கடிகார மணி அல்ல, இடைவெளி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் பாய்லர் ஓடும், பிறகு நின்றுவிடும். இதே போல 외출 என்றால் அகராதியில் 'வெளியே செல்லுதல்'. அழுத்தினால் குழாய் உறைந்து வெடிக்காத அளவுக்கு மட்டும் பாய்லர் காவல் காக்கும், வீட்டைச் சூடாக வைக்காது. கடைக்குப் போய் வர அதை அழுத்தினால், முழுக்கக் குளிர்ந்த சிமெண்ட் தரையை மறுபடி சூடாக்க மணிக்கணக்கில் கேஸ் எரியும். இரண்டு மூன்று டிகிரி குறைத்து வைத்துவிட்டுப் போவதுதான் சரி. 온돌 அழுத்தினால் திரையில் 60 என்று வந்து நிற்கும். அது அறையின் வெப்பமல்ல, குழாய் நீரின் வெப்பம். தெரியாதவர் பதறிப்போய்ப் பாய்லரையே அணைத்துவிடுவார். ஜனவரியில் அணைத்தால் குழாய் உறையலாம். உறைந்து வெடித்தால், கவனிக்காமல் விட்டது யார் என்று கேட்டு அந்தச் செலவு குடியிருப்பவர் தலையிலும் விழலாம்.

இப்போது அண்ணனுக்குப் பதில். கொரிய மொழி கற்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன், வாரம் இரண்டு நாள் வகுப்புக்கும் போகிறேன். ஆனால் மேலே சொன்னதைப் பாருங்கள். எனக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருந்தது. பொருள் தெரிந்ததால்தான் ஏமாந்தேன். 'முன்பதிவு' என்ற சொல்லுக்குள் அரை மணி நேரமும் ஆறு மணி நேரமும் இல்லை. அதை அறிந்தவர் யாராவது சொல்ல வேண்டும். மொழி படிக்க வருடங்கள் ஆகும். கதவு இன்றைக்குத் திறக்க வேண்டும்.

வாடகைக்கு விடுவதென்றால் என்ன? கொரிய சிவில் சட்டத்தின் 623ஆம் பிரிவு, உரிமையாளர் வீட்டை ஒப்படைக்கவும், குடியிருக்கும் காலம் முழுக்கப் பயன்படுத்தத்தக்க நிலையில் வைத்திருக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. அந்தப் பிரிவில் மொழிபெயர்ப்பு பற்றி ஒன்றும் இல்லை. நான் வழக்குப் போடவும் போகவில்லை. ஆனால் ஒப்படைப்பது என்ற சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது. அந்தக் காலத்தில் சாவியைக் கையில் கொடுத்தால் ஒப்படைத்தாயிற்று. சாவிக்கு மொழி கிடையாது. இன்று சாவி என்பதே ஒரு செயல்முறை. அந்தச் செயல்முறையைச் சொல்லாதவரை சாவி இன்னும் கைமாறவில்லை. முந்தைய குடித்தனக்காரரின் கார்டு இன்னும் வேலை செய்கிறதென்றால் அது பாதிகூட மாறவில்லை. இதைக் கேட்பது யாசகம் அல்ல.

'இங்கிலீஷ் மட்டும் போட்டால் டீசன்ட்' என்றவனுக்கு: யாருக்கு டீசன்ட்? ஆங்கிலம் எனக்கு. நான் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவுதான் வீடு. பகலெல்லாம் அந்தப் பூட்டோடும் பேனலோடும் இருப்பவர் அம்மா. கருவியை இயக்குபவரின் மொழியில்தான் குறிப்பு வேண்டும், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரின் மொழியில் அல்ல. அதுதான் சாமானியமான பொறியியல். நாம்தான் அதை மொழிப்பற்று என்று நினைத்துக் கூச்சப்படுகிறோம்.

இந்தக் கூச்சத்தைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே அதன் ஏஜென்ட்டாக வேலை பார்த்திருக்கிறேன். இங்கே வருவதற்கு முன் வீட்டு உபகரணங்களுக்கான ஒரு செயலியில் வேலை செய்தேன். எந்தெந்த மொழிகளில் வெளியிடலாம் என்ற கூட்டத்தில் தமிழ் வந்தபோது, "இந்தியாவுல எல்லாரும் இங்கிலீஷ்லயே சமாளிச்சுக்குவாங்க, இப்போ அவசியமில்ல" என்று சொன்னவன் நான். அந்த அறையில் இருந்த ஒரே தமிழன். நான் சொன்னதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. வரிகள் எல்லாம் தனிக் கோப்பில்தான் இருந்தன, இன்னொரு மொழி சேர்ப்பது பெரிய வேலையும் இல்லை. சமாளித்துக்கொள்வது என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். அது ஒரு மூடிய கதவுக்கு வெளியே இருபது நிமிடம் நிற்பது.

அம்மா எழுத்துக்கூட்ட முடியாமல் நின்ற அந்த ஹங்குலின் கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அரசர் செஜோங் 1446இல் அதை வெளியிட்டபோது, சீன எழுத்து கற்க வழியில்லாத எளிய மக்கள் சொல்ல நினைப்பதை எழுத முடியாமல் தவிக்கிறார்கள் என்பதைத்தான் காரணமாகச் சொன்னார். படித்தவர்கள் சீன எழுத்தில் 'சமாளித்துக்கொண்டுதான்' இருந்தார்கள். புது எழுத்து எதற்கு என்று அரசவையில் எதிர்த்தவர்களும் அவர்கள்தான். கொரியப் பாட்டி இன்று தன் வீட்டுப் பேனலை வாசிக்கிறார் என்றால், அந்த வாதம் அன்று தோற்றதால்தான்.

வீட்டுக்காரம்மா என்ன செய்தார்? சிரிக்கவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். 예약 எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. பாய்லர் மாட்டியவரிடம் போனில் கேட்டு, நான்கு கேள்விக்கும் கொரிய மொழியில் ஒரு பக்கம் கைப்பட எழுதிக் கொடுத்தார். 9 வோல்ட் பேட்டரி ஒன்றை, பூட்டின் வெளிப்பக்கம் அடியில் இருக்கும் இரண்டு உலோகப் புள்ளிகளில் வைத்துப் பிடித்தால், பேட்டரி தீர்ந்த பூட்டும் எண் போடும்வரை உயிர்பெறும் என்பதை வந்து செய்தே காட்டினார். பழைய கார்டுகளை என் கண் முன்னாலேயே நீக்கினார். அதில் ஒன்று எங்களுக்கு முன் இருந்தவருடையது. தமிழ் அவரால் தர முடியவில்லை, நியாயம்தான். ஆனால் கேட்டிருக்காவிட்டால் அந்த ஒரு பக்கமும் வந்திருக்காது.

தமிழாக்கியது நான். "தற்காலிகமாக ஒளிரும் இரு இலக்கங்களை முதலில் உள்ளிடவும்" என்று எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இது எந்த ஆபீஸுக்குப் போற லெட்டர்?" என்றார். பேனாவை வாங்கி அடித்துவிட்டுக் கீழே எழுதினார்: "முதல்ல எரியுற ரெண்டு நம்பர அமுக்கு. எல்லா நம்பரும் எரிஞ்சப்புறம் நம்ம நம்பர். கடைசில நட்சத்திரம்." அந்தத் தாள்தான் கதவுக்கு அருகே ஒட்டியிருக்கிறது. அதை ஒரு துண்டுத் தாளில் நகலெடுத்து, குப்பை போட இறங்கும்போது மறக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.

நீங்கள் எந்த ஊரில் வாடகைக்கு இருந்தாலும், இன்று இரவு வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு வெளியே நிற்கவைத்துக் கதவைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். திறக்க முடியாதவர் எந்த மொழி வாசிப்பாரோ, அந்த மொழியின் பெயரை எழுதி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நம்மில் யாராவது அடுத்த வாரம் மொழிப் பட்டியல் போடும் கூட்டத்தில் உட்காரப்போகிறோம் என்றால், அங்கேயும் அதே பெயரைச் சொல்லுங்கள்.