பட்டாசு சீசன் இன்சென்டிவ்: லெட்டரை நம்பி கடன் வாங்கறதுக்கு முன்னாடி இந்த டேபிளைப் போடுங்க

சிவகாசி, விருதுநகர் பக்கம் பட்டாசு கம்பெனிகளில் சேல்ஸ் வேலையில் இருக்கிறவங்களுக்குச் சம்பளத்தைவிட சீசன் இன்சென்டிவ்தான் பெரிய எதிர்பார்ப்பு. நகையைத் திருப்புறது, பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுறதுன்னு எல்லாமே அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கும். ஆனா எவ்வளவு வரும்னு கேட்டா, "ஒன்றரை பர்சன்ட் சார்"னு சொல்லுவாங்க. அது விகிதம் மட்டும்தான். கைக்கு வர்ற தொகையை முடிவு பண்றது லெட்டரில் இருக்கிற மற்ற வரிகள்.

என் கருத்து இதுதான்: எக்செல்லில் போட்டுக் கணக்குப் பார்க்க முடியாத இன்சென்டிவ் லெட்டரை நம்பி ஒரு ரூபாய்கூட கடன் வாங்கக் கூடாது.

ஒரு மாதிரி லெட்டரை எடுத்துக்குவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

"ஏப்ரல் 1 முதல் தீபாவளி வரை டார்கெட் ரூ.80 லட்சம். டார்கெட்டில் 80%க்கு மேல் 100% வரை 0.5%, 100%க்கு மேல் 120% வரை 1%, அதற்கு மேல் 1.5% இன்சென்டிவ். நிகர விற்பனை மட்டுமே கணக்கில் வரும். நவம்பர் 30-க்குள் 90% வசூல் ஆகியிருக்க வேண்டும்."

படிக்கும்போது தெளிவா இருக்கிற மாதிரிதான் தெரியும். இதை டேபிளாக மாற்றிப் பாருங்க, எங்கே ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சிடும்.

முதல் டேபிள்: ஸ்லாப்

பர்சன்ட்டை அப்படியே எழுதாம ரூபாயாக மாற்றி எழுதுங்க. 80 லட்சத்தில் 80% என்பது 64 லட்சம், 120% என்பது 96 லட்சம். லெட்டரில் சொல்லாமல் விட்ட "பூஜ்யம்" ஸ்லாபுக்கும் ஒரு வரி வேணும். கடைசி காலத்தில், முந்தைய ஸ்லாபைவிட விகிதம் எவ்வளவு ஏறியிருக்குன்னு எழுதுங்க.

| எங்கிருந்து (A) | எது வரை (B) | விகிதம் (C) | ஏற்றம் (D) |
|---|---|---|---|
| 0 | 64,00,000 | 0% | 0% |
| 64,00,000 | 80,00,000 | 0.5% | 0.5% |
| 80,00,000 | 96,00,000 | 1% | 0.5% |
| 96,00,000 | வரம்பு இல்லை | 1.5% | 0.5% |

இரண்டாவது டேபிள்: நிபந்தனை

விற்பனை எந்தத் தேதி வரை, பில் தேதியா டெஸ்பாட்ச் தேதியா, ஜிஎஸ்டி சேருமா, ரிட்டர்ன் கழியுமா, வசூல் எத்தனை பர்சன்ட், எப்போ பணம் தருவாங்க, நடுவில் வேலையை விட்டா என்ன ஆகும்: ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி. பக்கத்திலேயே லெட்டரில் அது எந்தப் பத்தியில் இருக்குன்னு எண் போடுங்க. லெட்டரில் பதில் இல்லைன்னா "கேட்கணும்"னு எழுதுங்க. போன வருஷம் இப்படித்தான் கொடுத்தாங்கன்னு நாமளா நிரப்பிடக் கூடாது.

இப்போ கணக்குக்கு வருவோம். நம்ம ஆள் ஒருத்தர் சீசனில் 1 கோடியே 18 லட்சத்துக்கு பில் போட்டிருக்கார்னு வச்சுக்கோங்க. அவர் மனசுக்குள்ள போடுற கணக்கு: டார்கெட்டைத் தாண்டி எங்கேயோ போயாச்சு, 1.5%, அப்போ 1,77,000 ரூபாய்.

ஆனா பட்டாசுக்கு ஜிஎஸ்டி 18%. அதைக் கழிச்சா விற்பனை 1 கோடி. ரிட்டர்ன், டேமேஜ், விலை வித்தியாசத்துக்குக் கொடுத்த கிரெடிட் நோட் எல்லாம் சேர்த்து 8 லட்சம் போனா நிகர விற்பனை 92 லட்சம். 96 லட்சத்தைத் தாண்டவே இல்லை. 1.5% ஸ்லாப் அங்கேயே போச்சு.

இனி 1% தானே? 92 லட்சத்துக்கு 92,000 வருமேன்னு தோணும். இங்கேதான் பெரிய ஓட்டை. அந்த 1% மொத்த விற்பனைக்கா, 80 லட்சத்துக்கு மேல் போன பகுதிக்கு மட்டுமா? லெட்டரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிகர விற்பனையை H2-வில் போட்டு இரண்டு விதமாகவும் பாருங்க. முதல் வரி மொத்தத்துக்கும் ஒரே விகிதம், இரண்டாவது வரி பகுதி பகுதியாக.

```
=H2*LOOKUP(H2,A2:A5,C2:C5)
=SUMPRODUCT((H2>A2:A5)*(H2-A2:A5)*D2:D5)
```

முதல் முறையில் 92,000. இரண்டாவது முறையில் 64-லிருந்து 80 வரை உள்ள 16 லட்சத்துக்கு 8,000, அதுக்கு மேலே உள்ள 12 லட்சத்துக்கு 12,000, ஆக மொத்தம் 20,000 தான். ஒரே லெட்டர், ஒரே விற்பனை, 72,000 ரூபாய் வித்தியாசம்!

H2-வில் சரியாக 80,00,000 போட்டும் பாருங்க. முதல் ஃபார்முலா 1% எடுத்து 80,000 காட்டும். ஆனா லெட்டரில் "100% வரை 0.5%"னு இருக்கு, அதன்படி 40,000 தான். ஸ்லாப் எல்லையில் நிற்கிற எண்ணை எப்பவும் கையால் ஒரு தடவை சரிபார்க்கணும்.

அடுத்தது வசூல். நிகர விற்பனை 92 லட்சம்னா, ஜிஎஸ்டியோட பார்ட்டிகள் தரவேண்டியது 1,08,56,000. அதில் 90% சுமார் 97.7 லட்சம். நம்ம ஆள் 95 லட்சம் வசூல் பண்ணியிருந்தா 87.5% தான். ஆனா அதே 95 லட்சத்தை 92 லட்சத்தோட ஒப்பிட்டா 100%க்கு மேலேன்னு தப்பாக் காட்டும். வசூல் வரியோட வருது, விற்பனையை வரி இல்லாமல் எடுக்கிறோம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்த பிறகுதான் வகுக்கணும். 90% வரலைன்னா முழுசா பூஜ்யமா, விகிதாசாரமா தருவாங்களா? இதுவும் "கேட்கணும்" வரிசைதான்.

தேதியையும் பாருங்க. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. நவம்பர் 30 வரை வசூலுக்கு 41 நாள் இருந்துச்சு. 2026-ல் தீபாவளி நவம்பர் 8. அதே வரியை மாத்தாம லெட்டரில் வச்சா 22 நாள்தான். கடைக்காரர் பட்டாசு விற்று முடிச்ச பிறகுதான் பாக்கியைத் தீர்ப்பார். நிபந்தனை ஒரு எழுத்துகூட மாறாம, கஷ்டம் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆயிடுச்சு. அதனால "தீபாவளி வரை"ன்னு இருந்தா டேபிளில் தேதியாகவே எழுதுங்க, வசூலுக்கு மிச்சம் எத்தனை நாள்னு பக்கத்தில் போடுங்க.

கம்பெனி தரப்பில் ஒரு நியாயம் இருக்கு. மொத்த விற்பனைக்கும் விகிதம் கொடுத்தா, 80 லட்சத்தைத் தாண்டுற அந்த ஒரு பில்லுக்கே 40,000 ரூபாய் கூடும். அப்போ கடைசி வாரத்தில் தேவையில்லாத சரக்கைக் கடைக்காரர் தலையில் கட்டுவாங்க. லைசென்ஸ் அளவுக்கு மேலே ஸ்டாக் வைக்க முடியாத தொழிலில் அது பாக்கியா நிற்கும், இல்லைன்னா ரிட்டர்னா திரும்பும். பகுதி பகுதியாகக் கொடுக்கிறது நியாயமான முறைதான். ஆனா அதை லெட்டரில் எழுதணும். "92 லட்சம் விற்றால் இவ்வளவு"ன்னு ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினா சண்டையே வராது.

கம்பெனி அப்படிப் போடலைன்னா நீங்க போடுங்க. டேபிளோட ஒரு உதாரணக் கணக்கையும் சேர்த்து, "நான் புரிஞ்சுக்கிட்டது இது, சரியா சார்?"னு மேனேஜருக்கு மெயில் அனுப்புங்க. ஆர்டர் பிடிக்கக் கிளம்பறதுக்கு முன்னாடியே பதிலை எழுத்தில் வாங்கிடுங்க. பதில் வர்ற வரைக்கும் உங்க வீட்டு பட்ஜெட்டில் 92,000 கிடையாது, 20,000 தான். வசூல் நிபந்தனை தாண்டுற வரைக்கும் அந்த 20,000-மும் கிடையாது.