அத்தாவின் படுக்கைக்குக் கணக்குப் போட்டீர்களா?

திருப்பூர்ச் சகோதரர்களே! ஒரு டஜன் பனியனுக்கு நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்குப் போடுகிறீர்கள். அத்தா எண்பதைத் தாண்டிப் படுக்கையில் விழுந்தால் மாதம் எவ்வளவு ஆகும் என்று துண்டுச் சீட்டிலாவது எழுதிப் பார்த்ததுண்டா?

"மெடிக்ளைம் இருக்கிறது" என்பீர்கள். இருக்கட்டும். 65 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகப் பாலிசி கொடுப்பதிலிருந்த தடைகூட 2024 ஏப்ரலில் நீங்கிவிட்டது. ஆனால் அது ஆஸ்பத்திரிக்கான பணம். பக்கவாதம் வந்தவர் பத்து நாளில் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார். அதன்பின் மூன்று ஆண்டுகள் வீட்டில் கிடந்தால்? புரட்டிப் படுக்க வைத்து, உடம்பு துடைத்து, டயப்பர் மாற்றும் ஆளுக்கு மாதா மாதம் சம்பளம் தருவது வழக்கமான மெடிக்ளைமின் வேலையல்ல.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். உங்கள் தெருவில் விசாரித்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். பகல் ஆளுக்கு 18,000 ரூபாய். நாளைக்கு மூன்று டயப்பர், ஒன்று 40 ரூபாய் என்றால் 3,600. மருந்து, புண்ணுக்குக் கட்டு என 3,400. ஆக மாதம் 25,000. மூன்று ஆண்டுக்கு 9 லட்சம். இது இன்றைய விலை! இன்று 55 வயதில் கடை நடத்துபவர் 80ஐத் தொட 25 ஆண்டுகள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதம் ஏறினால் அதே 9 லட்சம் ஏறத்தாழ 38 லட்சமாகும். பி.எஃப். பென்ஷனை நம்பும் தொழிலாளித் தோழரே, அதன் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பத்துப் பேர் தைக்கும் பவர் டேபிளில் பெரும்பாலும் அதுவும் கிடையாது.

"மகன் இருக்கிறான், செலவே இல்லை" என்பவரே! பார்ப்பது யார்? மருமகள். நேற்றுவரை செக்கிங்குக்குப் போய்ச் சனிக்கிழமை சம்பளம் கொண்டுவந்தவள். அவள் விட்ட கூலி செலவில்லையா? பெற்றோரைப் பேணுவது மகன், மகள் கடமை. மருமகள் செய்வது உபகாரம் என்றே மார்க்க அறிஞர்கள் பலரும் சொல்கிறார்கள். உபகாரத்தைக் கடமையாக்கிவிட்டு, மற்ற மூன்று பிள்ளைகள் பெருநாளுக்குப் பழம் வாங்கி வந்தால் போதுமா? நான்கு பேரும் பங்கிட்டால் ஆளுக்கு 6,250. பகலுக்கு ஆள் வைக்கலாம், இரவை முறைவைத்துப் பார்க்கலாம். வேலையை விட்டவளுக்கு அந்தப் பங்கிலிருந்தே கொடுக்கலாம்.

முழு 38 லட்சத்தையும் சேமிக்கச் சொல்லவில்லை. குடும்பத்தோடு இருங்கள், ஆனால் கையை வெறுமையாக்கிக்கொண்டு இருக்காதீர்கள். வட்டி வேண்டாம் என்பவருக்குக் காதர்பேட்டையில் ஒரு கடையில் சிறு பங்கு போதும். வாடகை மாதா மாதம் வரும், விலைவாசியோடு ஏறவும் செய்யும்.

வீட்டையும் அவசரப்பட்டுப் பிள்ளை பெயருக்கு எழுதிவிடாதீர்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை பராமரிக்காவிட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் அதை ரத்துச் செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. வாய்மொழியாக ஹிபா கொடுத்தவர் எதைக் காட்டுவார்?