எலெக்ட்ரிக் லோடு ஆட்டோ, வேன்: விருத்தாசலத்தில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? ஒரு கி.மீ. கணக்கு

விருத்தாசலத்தின் செராமிக் பட்டறைகளில் சூளையிலிருந்து இறங்கும் சரக்கு இரண்டு வகை. ஒன்று பொம்மை, அகல், அலங்காரச் சாமான். எடை கம்மி, ஆனால் இடத்தை அடைக்கும், உடையும். இன்னொன்று ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் போன்ற மின்சாரப் பொருட்கள். ஒரு சின்ன அட்டைப்பெட்டியைத் தூக்கினாலே கை இழுக்கும். இரண்டையும் ரயில்வே ஜங்ஷனுக்கும், பார்சல் ஆபீஸுக்கும், நெய்வேலி, உளுந்தூர்பேட்டை, கடலூர் கடைகளுக்கும் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் டீசல் லோடு ஆட்டோவும் மினி டிரக்கும்தான்.

இப்போது ஷோரூமுக்குப் போனால் அதே அளவில் எலெக்ட்ரிக் வண்டியும் நிற்கிறது. 'டீசலை விட மூன்றில் ஒரு பங்கு செலவுதான்' என்கிறார் விற்பனையாளர். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் அதே வண்டி ஒருவருக்கு இரண்டே வருடத்தில் லாபம் தரும், பக்கத்துப் பட்டறைக்காரருக்கு வாரண்டி முடிந்த பிறகும் போட்ட காசை எடுக்காது. ஏன் இந்த வித்தியாசம்?

ஒரு கி.மீ.க்கு எவ்வளவு?

முதலில் மூன்று சக்கர லோடு ஆட்டோ. டீசல் லிட்டர் 93 ரூபாய், லோடுடன் லிட்டருக்கு 28 கி.மீ. கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கி.மீ.க்கு ஏறக்குறைய 3 ரூபாய் 30 காசு.

எலெக்ட்ரிக் பக்கம் மஹிந்திராவின் ட்ரியோ ஸோரை எடுத்துக்கொள்ளலாம். 2020 அக்டோபரில் வந்த இந்த வண்டியின் பேட்டரி 7.37 யூனிட் கொள்ளளவு. சுமை சுமார் 550 கிலோ. ஒரு முழு சார்ஜில் 80 கி.மீ. ஓடினால், பேட்டரியிலிருந்து போவது ஏழரை யூனிட்டுக்குள்தான். ஆனால் சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் மின்சாரம் சூடாக வீணாகும். அதையும் சேர்த்தால் மீட்டரில் எட்டரை யூனிட் ஓடும். யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 85 ரூபாய். அதாவது கி.மீ.க்கு 1 ரூபாய் 6 காசு.

வித்தியாசம் 2 ரூபாய் 25 காசு. இன்ஜின் ஆயில், ஃபில்டர், கிளட்ச் செலவு இல்லை என்பதற்காக இன்னொரு 25 காசு சேர்த்தால், ஒவ்வொரு கி.மீ.க்கும் இரண்டரை ரூபாய் மிச்சம்.

எலெக்ட்ரிக் வண்டி வாங்கும்போது டீசலை விட ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு லட்சத்தை இரண்டரை ரூபாயால் வகுத்தால் 40,000 கி.மீ. அத்தனை தூரம் ஓடிய பிறகுதான் வண்டி லாபத்தில் கால் வைக்கும். இனி எல்லாமே இந்த 40,000 கி.மீ.யை எத்தனை நாளில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஊருக்குள் மட்டும் ஓடினால்?

பட்டறையிலிருந்து ஜங்ஷன், கடைவீதி, பார்சல் ஆபீஸ் என்று சுற்றினால் நாளைக்கு 30 கி.மீ. வந்தாலே அதிகம். மாதம் 26 நாள் ஓடினால் வருடத்துக்கு 9,360 கி.மீ. போட்ட காசு திரும்ப நாலே கால் வருடம் ஆகும்.

இங்கேதான் சிக்கல். இந்த வகை வண்டிகளில் பலவற்றுக்கு வாரண்டி 3 ஆண்டு அல்லது 80,000 கி.மீ. அளவில் இருக்கிறது, எது முதலில் வருகிறதோ அதுவரை. ஊருக்குள் ஓடும் வண்டிக்கு கி.மீ. முடிவதற்குள் வருடம் முடிந்துவிடும். வாரண்டி போன பிறகு பேட்டரி படுத்தால், அதுவரை சேர்த்த மிச்சமெல்லாம் அதிலேயே போய்விடும்.

'ஊருக்குள்ள ஓட்டத்தானே, எலெக்ட்ரிக் போதும்' என்று எல்லோரும் சொல்வார்கள். வண்டிக்கு அது போதும். ஆனால் காசுக்கு அந்த ஓட்டம் போதாது.

நெய்வேலி, உளுந்தூர்பேட்டை வரை போனால்?

நெய்வேலி சுமார் 22 கி.மீ. போக வர 44. அங்கே நாலு கடையில் இறக்கி, திரும்பி வந்து ஊருக்குள் ஒரு சுற்று போனால் 60 கி.மீ. உளுந்தூர்பேட்டைக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். நாளைக்கு 60 என்றால் வருடத்துக்கு 18,720 கி.மீ. இரண்டு வருடம் சொச்சத்தில் காசு திரும்பிவிடும். வாரண்டிக்கும் இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருடம் பாக்கி இருக்கும். விருத்தாசலத்தில் எலெக்ட்ரிக் லோடு ஆட்டோவுக்குப் பொருந்தும் ஓட்டம் இதுதான்.

ஆனால் ரேஞ்ச் விஷயத்தில் கவனம் வேண்டும். ட்ரியோ ஸோருக்குச் சோதனைக்கூடச் சான்றிதழில் உள்ள ரேஞ்ச் 125 கி.மீ. சாலையில் சாதாரணமாகக் கிடைப்பது 80. வாங்கும்போது கேட்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். அதுவும் 550 கிலோவுக்குள் ஏற்றினால்தான். பொம்மை ஏற்றினால் பெட்டி நிறைந்துவிடும், எடை நிறையாது. ஃபியூஸ் கேரியர் ஏற்றும்போது பெட்டி பாதிகூட நிறைந்திருக்காது, எடை அதற்குள் தாண்டியிருக்கும். டீசல் வண்டியில் 'இன்னும் பத்துப் பெட்டி போடுப்பா' என்று ஏற்றிய பழக்கத்தை இங்கே தொடர்ந்தால், திரும்பி வரும் வழியில் பேட்டரி சதவீதம் கிடுகிடுவென இறங்கும்.

வண்டி வந்த முதல் மாதம், ஒவ்வொரு நடையிலும் ஏற்றிய எடையையும், கிளம்பும்போதும் திரும்பும்போதும் காட்டிய சதவீதத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. ஆறு மாதம் கழித்து அதே பாதையில், அதே எடைக்கு அதிக சதவீதம் குறைந்தால், முதலில் டயர் காற்றையும் பிரேக் உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தும் குறைந்தால் பேட்டரிதான். வாரண்டி கேட்கப் போகும்போது அந்த நோட்டு கையில் இருப்பது உதவும்.

கடலூருக்குப் போக முடியுமா?

கடலூர் சுமார் 60 கி.மீ. போக வர 120. சின்ன பேட்டரி மூன்று சக்கர வண்டிக்கு இது ஆகாது. நடுவழியில் சார்ஜ் போடலாமே என்றால், கார்களுக்கான பொது ஃபாஸ்ட் சார்ஜர்கள் இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. இவற்றின் பேட்டரி 48 வோல்ட் அளவில் இருப்பது. கார் சார்ஜர் வேலை செய்வது பல நூறு வோல்ட்டில். பிளக்கும் வேறு.

இந்தத் தூரத்துக்கு நாலு சக்கர வேன்தான் வேண்டும். டாடா ஏஸ் இவி 2023 ஜனவரியில் 9.99 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வந்தது. பேட்டரி 21.3 யூனிட், சான்றிதழ் ரேஞ்ச் 154 கி.மீ. லோடுடன் சாலையில் 110 கிடைக்கிறது என்று வைத்தால், கடலூர் போய் வர முடியாமல் பத்து கி.மீ. இடிக்கும். இதில் ஃபாஸ்ட் சார்ஜ் வசதி உண்டு என்பதால், கடலூரில் சரக்கு இறக்கும் நேரத்தில் அரை மணி போட்டுக்கொண்டால் திரும்பிவிடலாம்.

செலவு எப்படி? டீசல் மினி டிரக் லிட்டருக்கு 18 கி.மீ. கொடுத்தால் கி.மீ.க்கு 5 ரூபாய் 17 காசு. வேனைப் பட்டறையிலேயே சார்ஜ் போட்டால் சுமார் 2 ரூபாய் 20 காசு. மிச்சம் கிட்டத்தட்ட 3 ரூபாய். அதே வேனை யூனிட் 20 ரூபாய் வாங்கும் பொது சார்ஜரில் போட்டால் கி.மீ.க்கு 4 ரூபாயை நெருங்கிவிடும். மிச்சம் ஒரு ரூபாய் சொச்சமாகச் சுருங்கும். டீசலை விட மூன்று, நான்கு லட்சம் கூடக் கொடுத்த வண்டியை ஒரு ரூபாய் மிச்சத்தில் மீட்க முடியாது. பொது சார்ஜர் அவசரத்துக்கு மட்டும்தான், அன்றாடத்துக்கு அல்ல.

அப்படியானால் சார்ஜ் எங்கே போடுவது?

பட்டறையில்தான். மூன்று சக்கர வண்டிக்கு 16 ஆம்பியர் சாக்கெட் போதும். காலியான பேட்டரி நிறைய நாலு மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டால் காலையில் தயார். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்தடை செய்யும் நாளிலும் வண்டி நிற்காது. நெய்வேலி, உளுந்தூர்பேட்டை இரண்டுக்கும் ஒரே நாளில் போக வேண்டுமென்றால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மணி நேரம் போட்டால் இன்னொரு 40 கி.மீ. கிடைக்கும். முந்தைய நடை முடிந்த கையோடு, வெயிலில் சூடாகி வந்த வண்டியைச் செருகாமல், நிழலில் கொஞ்ச நேரம் விட்டுப் போடுவது பேட்டரிக்கு நல்லது.

சாக்கெட் விஷயத்தில் சிக்கனம் கூடாது. நாலு மணி நேரம் தொடர்ந்து இரண்டு கிலோவாட் அளவுக்கு இழுக்கும் வேலை இது. தனி லைன், தனி எம்சிபி, சரியான எர்த் வேண்டும். சார்ஜ் ஏறி ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, பிளாஸ்டிக் கருகும் வாடையோ இருந்தால் உடனே நிறுத்தி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். ஃபியூஸ் கேரியர் செய்யும் ஊருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வீட்டு இணைப்பில் போடலாமே, 100 யூனிட் இலவசம் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். நாளைக்கு 60 கி.மீ. ஓடும் வண்டி ஆறரை யூனிட் குடிக்கும். இரண்டு மாத பில்லில் அது கிட்டத்தட்ட 330 யூனிட் கூடுதல். ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீடு 500-ஐத் தாண்டி, உயர்ந்த ஸ்லாபுக்குப் போய்விடும். அப்போது வண்டிக்கான யூனிட்டுக்கு மட்டுமல்ல, வீட்டு யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறும்.

வாங்கும் முன் என்ன செய்யலாம்?

சலுகைகளில் நிலையானது ஒன்று உண்டு. பேட்டரியில் ஓடும் வணிக வாகனங்களுக்கு பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்துவிட்டது. சாலை வரி விலக்கும் மானியமும் அப்படியல்ல, தேதி போட்டு வருபவை. தமிழக அரசின் 2023 மின்வாகனக் கொள்கையில் வரி விலக்கு 2025 டிசம்பர் 31 வரை என்றே சொல்லப்பட்டிருந்தது. மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் மானியமும் மூன்று சக்கர வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு குறையும்படி வகுக்கப்பட்டது. அதனால் வாங்கும் தேதியில் எது நடப்பில் இருக்கிறது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, அந்த விலையை வைத்துத்தான் கணக்கு போட வேண்டும்.

அதற்கும் முன்னால், இப்போது ஓடும் டீசல் வண்டியின் மீட்டரை ஒரு மாதம் தினமும் குறித்துப் பாருங்கள். பெரும்பாலான நாட்களில் 50 முதல் 75 கி.மீ.க்குள் இருந்தால் எலெக்ட்ரிக் லோடு ஆட்டோ கணக்குக்கு வரும். 30-ஐத் தாண்டவில்லை என்றால் பழைய வண்டியையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். அடிக்கடி 100-ஐத் தாண்டினால் வேனைப் பற்றி யோசிக்கலாம், ஆனால் பட்டறையில் சார்ஜர் வைக்க இடமும் மின் இணைப்பும் இருந்தால் மட்டும்.