கல்ச்சரில் கிருமி இல்லை, ஆனாலும் எரிச்சல் தீரவில்லை: கெட்டமைன் சிறுநீர்ப்பையை என்ன செய்கிறது?

இங்கிலாந்தில் 2014-15ஆம் ஆண்டில் கெட்டமைன் பழக்கத்துக்காகச் சிகிச்சை தொடங்கிய பெரியவர்கள் 426 பேர். 2023-24இல் அந்த எண்ணிக்கை 3,609. அதாவது எட்டு மடங்குக்கும் மேல். இது போதை மீட்பு மையங்களின் கணக்கு. ஆனால், கெட்டமைனின் பாதிப்பு முதலில் தலைகாட்டும் இடம் பெரும்பாலும் அந்த மையங்கள் அல்ல. பக்கத்துத் தெரு கிளினிக். ‘யூரின் போகும்போது எரியுது டாக்டர்’ என்றுதான் அது ஆரம்பிக்கும்.

அந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்து, பழக்கத்தை நிறுத்தினால் பலருக்குச் சரியாகிறது. தவறவிட்டால், சிறுநீர்ப்பையே சுருங்கிப்போகும் அளவுக்குப் போகலாம். அப்படியானால் அந்த முதல் எச்சரிக்கை ஏன் கண்டுகொள்ளப்படுவதில்லை?

மருந்துதானே, இதில் என்ன ஆபத்து?

கெட்டமைன் ஒரு நல்ல மயக்க மருந்து. 1970இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக ஆபரேஷன் தியேட்டர்களில் புழங்கிய மருந்து இது. சிறுநீர்ப்பையை இது புண்ணாக்குகிறது என்ற மருத்துவ அறிக்கைகளோ 2007இல்தான் வெளிவந்தன. கனடாவின் டொராண்டோவில் 9 பேர், ஹாங்காங்கில் 10 பேர். எல்லோரும் போதைக்காக அடிக்கடி பயன்படுத்தியவர்கள்.

வித்தியாசம் அளவிலும் அடிக்கடி எடுப்பதிலும் இருக்கிறது. ஆபரேஷனுக்கு நரம்பில் ஏற்றும் வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 120 மில்லிகிராம், அதுவும் பெரும்பாலும் ஒரே நாளோடு முடிந்துவிடும். தினமும் 1 கிராம் எடுக்கும் ஒருவர், அதைவிட 8 முதல் 16 மடங்கை ஒவ்வொரு நாளும் உடலுக்குள் அனுப்புகிறார். எனவே, ஆபரேஷனுக்காக ஒருமுறை கெட்டமைன் கொடுக்கப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டியதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

கெட்டமைனைக் கல்லீரல் உடைக்கிறது. அதில் வரும் நார்கெட்டமைன் போன்ற துணைப்பொருட்கள் சிறுநீரில்தான் வெளியேறுகின்றன. சிறுநீர்ப்பையின் வேலை சேமித்து வைப்பது. அதனால் இந்த ரசாயனங்கள் அங்கே மணிக்கணக்கில் தங்குகின்றன.

சிறுநீர்ப்பையின் உட்புறத்தில் நீர் கசியாத ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உள்பூச்சு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டமைனும் அதன் துணைப்பொருட்களும் இந்தப் பூச்சை அரிக்கின்றன என்பதுதான் இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பூச்சு போனதும் சிறுநீர் உள்சுவருக்குள் இறங்கி, நரம்புகளை உறுத்துகிறது. சுவர் வீங்கிச் சிவக்கிறது, புண்ணாகிறது, ரத்தம் கசிகிறது. இந்த நிலை வரைக்கும் திரும்பி வர வாய்ப்பு உண்டு.

இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்ந்தால், புண் ஆறி ஆறித் தழும்பாகிறது. தழும்புத் திசு விரியாது. பலூன் மாதிரி விரிய வேண்டிய பை, தடித்த தோல் பை மாதிரி ஆகிவிடுகிறது.

இதன் விளைவைச் சின்ன கணக்கில் பார்க்கலாம். ஒருவருக்கு ஒரு நாளில் சுமார் 1,500 மில்லிலிட்டர் சிறுநீர் வருகிறது என்று கொள்வோம். ஒரு முறைக்கு 300 மில்லி போனால், நாளைக்கு 5 தடவை. பை சுருங்கி 100 மில்லிதான் பிடிக்கும் என்றால் 15 தடவை. 50 மில்லி என்றால் 30 தடவை, அதாவது இரவு பகலாக 48 நிமிடத்துக்கு ஒருமுறை. இந்த நிலையில் தூக்கம், பஸ் பயணம், ஒரு மணி நேர மீட்டிங் எதுவும் சாத்தியமில்லை.

பாதிப்பு பையோடு நிற்பதும் இல்லை. பை இறுகும்போது, சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைக் கீழே கொண்டுவரும் குழாய்களில் அடைப்போ பின்னோட்டமோ ஏற்பட்டு, சிறுநீரகம் வீங்குகிறது. ஹாங்காங்கின் இரண்டு மருத்துவமனைகளுக்கு வந்த 59 பேரைப் பற்றிய ஆய்வு 2008இல் வெளியானது. அவர்களில் 30 பேருக்கு ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ சிறுநீரக வீக்கம் இருந்தது. இவர்கள் ஏற்கெனவே மருத்துவமனை வரை வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். பயன்படுத்தும் எல்லோருக்கும் இது பொருந்தாது.

ஏன் முதலிலேயே தெரிவதில்லை?

மருத்துவ இதழ்களில் பதிவாகும் கேஸ்களில் ஒரே மாதிரியான பாதை திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை உதாரணம். பெருநகரம் ஒன்றில் வேலை பார்க்கும் 26 வயது இளைஞர். முதலில் வார இறுதியில் மட்டும் எடுத்தவர், ஒரு வருடத்தில் வாரம் நான்கைந்து நாட்கள் எடுக்கிறார்.

முதல் அறிகுறி, அடிக்கடி பாத்ரூம் போவது. ‘ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கேன், காபி அதிகமா குடிக்கிறேன்’ என்று அவரே காரணம் கண்டுபிடித்துவிடுகிறார். அடுத்து எரிச்சல். ‘உடம்பு சூடு, இளநீர் குடிச்சா சரியாயிடும்’ என்கிறார்கள் வீட்டில். இரண்டும் நம்பும்படியான காரணங்கள்தான். அதனால்தான் இரண்டு மாதம் போய்விடுகிறது.

பிறகு கிளினிக். யூரின் டெஸ்டில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன, கொஞ்சம் ரத்தமும். எரிச்சலும் இருப்பதால், டாக்டர் ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதுகிறார். இங்கேதான் முடிச்சு. வெள்ளை அணுக்கள் இருந்தால் அங்கே அழற்சி இருக்கிறது என்றுதான் அர்த்தம். கிருமியால்தான் அழற்சி என்று அந்த டெஸ்ட் சொல்லாது. அதைச் சொல்வது யூரின் கல்ச்சர். அது முடிய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். பல நேரம் எடுப்பதே இல்லை. எடுத்தாலும், ‘கிருமி வளரவில்லை’ என்று வந்தால் நல்ல செய்தி என்று நினைத்து ரிப்போர்ட்டை மூடிவைத்துவிடுகிறோம். உண்மையில் அதுதான் முக்கியமான துப்பு: அழற்சி இருக்கிறது, கிருமி இல்லை, அப்படியானால் வேறு காரணம் தேட வேண்டும்.

இடையில் வேலைப்பளுவால் இரண்டு வாரம் கெட்டமைன் எடுக்காமல் இருக்கிறார். எரிச்சல் குறைகிறது. குறைந்ததற்கு ஆன்டிபயாடிக்தான் காரணம் என்று அவரும் நினைக்கிறார், டாக்டரும் நினைக்கிறார். திரும்ப வரும்போது, அடுத்த ஆன்டிபயாடிக்.

இதைவிடச் சிக்கலான காரணம் கெட்டமைனிலேயே இருக்கிறது. அது வலிநிவாரணியும்கூட. சிறுநீர்ப்பை வலியை உண்டாக்கும் அதே பொருள், எடுத்த கொஞ்ச நேரத்தில் அந்த வலியை மறைத்துவிடுகிறது. போதை இறங்கியதும் வலி கூடுதலாகத் தெரிகிறது. கொஞ்ச நாளில் போதைக்காக அல்ல, அடிவயிற்று வலிக்காகவே எடுக்க ஆரம்பிக்கிறார். ‘கெட்டமைன் எடுத்தால்தான் வலி அடங்குது’ என்பது அவருடைய அனுபவ உண்மை. அதனால் அதுதான் காரணம் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்.

கடைசிக் காரணம், பேசாமல் இருப்பது. டாக்டர் கேட்பதில்லை, இவர் சொல்வதில்லை. பெற்றோர் கூடவே வந்திருந்தால் நிச்சயம் சொல்ல மாட்டார். இந்தியாவில் 2011 முதல் கெட்டமைன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், வழக்கு பயமும் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்குமான வழக்கிலிருந்து விலக்கு தருகிறது.

இந்தியாவில் இன்னொரு குழப்பம்

வெள்ளை அணுக்கள் இருக்கின்றன, கிருமி வளரவில்லை, பை சுருங்குகிறது என்றால் இங்கே டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பது சிறுநீர்ப் பாதைக் காசநோய். அது நியாயமான சந்தேகம். காசநோயும் சிறுநீர்ப்பையை இதே மாதிரி சுருக்கும், ஸ்கேனிலும் இரண்டும் ஒத்துப்போகும். அதனால் காசநோய்ப் பரிசோதனை அவசியம்தான். ஆனால் கெட்டமைன் பற்றிய தகவல் டாக்டரிடம் இல்லாவிட்டால், தேடல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நிறுத்தினால் சரியாகுமா?

பிரிட்டனை மையமாகக் கொண்ட ஓர் இணையவழிக் கணக்கெடுப்பு 2012இல் வெளியானது. கடந்த ஓராண்டில் கெட்டமைன் எடுத்த 1,285 பேரில் 26.6 சதவீதம் பேருக்குச் சிறுநீர் சார்ந்த தொந்தரவு இருந்தது. எவ்வளவு, எத்தனை முறை என்பது கூடக் கூட, தொந்தரவும் கூடியது. தொந்தரவு இருந்தவர்களில், நிறுத்திய பிறகு குறைந்தது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். இவர்கள் தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால், இந்த விகிதத்தை எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் திசை தெளிவு: சீக்கிரம் நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை.

மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். வலி மாத்திரைகள்; பையின் உள்பூச்சைத் தற்காலிகமாக ஈடுசெய்ய ஹயலுரானிக் அமிலத்தைக் குழாய் வழியாக உள்ளே செலுத்துவது; மயக்கம் கொடுத்துப் பையை நீரால் விரிப்பது. தழும்பாகிச் சுருங்கிவிட்டால், சிறுகுடலின் ஒரு துண்டை வெட்டிப் பையோடு தைத்துப் பெரிதாக்கும் ஆபரேஷன். அதற்கு முன் பல மாதங்கள் கெட்டமைன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் வலியுறுத்துகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் எடுத்தால், மேலே உள்ள குழாய்களும் சிறுநீரகமும் தொடர்ந்து பாதிக்கப்படும்.

எப்போது, என்ன கேட்க வேண்டும்?

கெட்டமைன் எடுக்கும் ஒருவருக்கு அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வருவது, இரவில் பலமுறை எழுவது, பை நிறைய நிறைய அடிவயிறு வலித்து, போனதும் குறைவது ஆகியவை முதல் அறிகுறிகள். சிறுநீரில் ரத்தம், விலாவுக்குக் கீழே முதுகு வலி, காய்ச்சல் என்றால் ஒத்திப்போடக் கூடாது.

போவதற்கு முன் மூன்று நாட்கள், எத்தனை மணிக்கு எத்தனை மில்லி போனது என்று அளவுக் கோப்பையில் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பை எவ்வளவு பிடிக்கிறது என்பதை எந்த ஸ்கேனுக்கும் முன்பே அந்தத் தாள் காட்டிவிடும். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் யூரின் கல்ச்சர் கேளுங்கள். சிறுநீரகம், பை இரண்டுக்கும் அல்ட்ராசவுண்ட், ரத்தத்தில் கிரியேட்டினின், தேவைப்பட்டால் கேமரா வைத்துப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி என்று யூராலஜிஸ்ட் அடுத்தடுத்துச் செல்வார்.

கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, டாக்டரிடம் ஒரு வரி சொன்னால் போதும்: ‘நான் கெட்டமைன் எடுக்கிறேன், இத்தனை மாதமாக, வாரத்துக்கு இத்தனை நாள்.’ பழக்கத்தை விட உதவி வேண்டுமென்றால், மத்திய அரசின் கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண் 14446.