வினைமுற்று வரும் வரையில்

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறதாம்! அது வரும் வரையில் மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்க முடியாதாம்! ஆகவே, உடனுக்குடன் மொழிபெயர்க்க வேண்டிய பேரவைகளுக்குத் தமிழ் ஏற்றதன்றாம்! இலக்கணப் போர்வை போர்த்தி வருகிறது இந்த வாதம். போர்வையை விலக்கிப் பார்ப்போம், தோழர்களே!

1957-ஆம் ஆண்டில் திருவண்ணாமலைத் தொகுதி, கழகத்தைச் சார்ந்த தர்மலிங்கத்தை மக்களவைக்கு அனுப்பியது. அன்று அந்த அவையில் காதுக் கருவி வழியே உடனுக்குடன் மொழிபெயர்க்கும் ஏற்பாடே இல்லை. 1964-இல்தான் அது வந்தது. வந்ததும் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் இடையே! இந்தியில் வினை எங்கே நிற்கிறது? தமிழில் நிற்கும் அதே கடைசியில்தான்! இந்திக்குத் தடையாகாத வினைமுற்று தமிழுக்கு மட்டும் தடையாவது எந்த இலக்கணத்தில் எழுதப்பட்டிருக்கிறது? 1945-46-இல் நூரம்பெர்க்கு வழக்கு மன்றத்தில் ஜெர்மானியர் பேசினர். அவர்கள் மொழியிலும் பல வாக்கியங்களில் வினை இறுதிக்கே செல்லும். அதற்காக வழக்கை நிறுத்தினார்களா? இல்லை. மொழிபெயர்ப்பாளர் திணறினால் மஞ்சள் விளக்கு எரியும். பேசுபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் பேச்சையே நிறுத்த வேண்டும். ஜெர்மன் மொழி தகுதியற்றது என்று எவரும் தீர்ப்புக் கூறவில்லை.

மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சமாளிக்கிறார்? திருவண்ணாமலை உறுப்பினர் ஒருவர் இப்படிப் பேசுவதாகக் கொள்வோம்: "சென்ற ஆண்டு ஏரிக்கரை உடைந்ததால் பயிரை இழந்த உழவர்களுக்கு அரசு அறிவித்த உதவித்தொகை, பொங்கலுக்குள் கிடைத்துவிடும் என்று அமைச்சர் தந்த உறுதிமொழியை நான் நம்பவில்லை."

ஆங்கிலத்தில் இதை எழுதுபவர் 'நான் நம்பவில்லை' என்றே தொடங்குவார். மொழிபெயர்ப்பாளருக்கு அது கிட்டாது. ஆனால் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. உடைந்ததால், இழந்த, அறிவித்த, கிடைத்துவிடும், தந்த என்று வழியெங்கும் ஐந்து வினைகள் உள்ளன! வினையெச்சமும் பெயரெச்சமும் தமிழ் தரும் படிக்கட்டுகள். இரண்டு மூன்று நொடி பின்தங்கி, அவர் துண்டு துண்டாகச் சொல்லிச் செல்கிறார்: சென்ற ஆண்டு ஏரிக்கரை உடைந்தது, உழவர்கள் பயிரை இழந்தனர், அவர்களுக்கு அரசு உதவித்தொகை அறிவித்தது, பொங்கலுக்குள் அது கிடைக்கும் என்பது அமைச்சரின் உறுதிமொழி. இனி மீதம் இருப்பது ஒரே சொல். அது வந்ததும், 'அதை நான் நம்பவில்லை' என்று முடிக்கிறார். ஒரு வாக்கியம் ஐந்து வாக்கியமாயிற்று. கருத்தில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

ஆபத்து அந்தக் கடைசிச் சொல்லில்தான். 'உறுதிமொழியை' என்ற இரண்டாம் வேற்றுமை, அதனை உறுப்பினர் ஏதோ செய்யப் போகிறார் என்று காட்டுகிறது. வரவேற்கப் போகிறாரா, ஐயுறப் போகிறாரா என்று காட்டுவதில்லை. 'நம்புகிறேன்' என்பதையும் 'நம்பவில்லை' என்பதையும் பிரிப்பது சொல்லின் வால். அவசரப்பட்டு ஊகித்தவர் எதிர்ப்பை ஆதரவாக்கிவிடுவார்! ஆகவே தேர்ந்தவர், இருபுறமும் சாயாத சொற்களால் இடைவெளியை நிரப்பி, வாலுக்காகக் காத்திருப்பார்.

காத்திருப்புக்கும் விலை உண்டு. மனத்தில் சுமை ஏற ஏற, அடுத்த வாக்கியத்தின் தலைப்பு செவியில் விழாது. முதலில் உதிர்வன எண்களும் ஊர்ப்பெயர்களும். ஏனெனில் அவற்றைச் சூழலைக் கொண்டு ஊகிக்க இயலாது. மொழிபெயர்ப்பில் திடீர் மௌனமும், அதைத் தொடர்ந்து மூச்சு முட்டும் வேகமும் கேட்டால், ஏதோ உதிர்ந்துவிட்டது என்று அறியலாம். எழுதிவந்த உரையைக் கடகடவென்று படிப்பவரே இந்த இழப்புக்குப் பெருங்காரணம். மேடையில் பத்துத் தொடர்களை அடுக்கி ஒரே வினையில் தொங்கவிட்டுக் கைதட்டல் பெறும் நம் பேச்சாளரும் இதை நினைவிற்கொள்ள வேண்டும். எழுதிய தாளை முன்னதாகவே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பதும், வாக்கியத்தை முறித்துப் பேசுவதும், அரை மணிக்கொரு முறை மாறிக்கொள்ள மொழிக்கு இருவரையாவது அமர்த்துவதும் செய்யத்தக்கவை. இவை செலவும் பயிற்சியும் கேட்கும் வேலைகள். மொழியின் குறைகள் அல்ல.

அரசியல் சட்டத்தின் 120-ஆவது பிரிவோ, இந்தியிலோ ஆங்கிலத்திலோ செவ்வனே பேச இயலாத உறுப்பினர்க்குத் தாய்மொழியில் பேச அனுமதி தரலாம் என்கிறது. இயலாமைக்கு இரங்கிய சலுகையாம் தமிழ்! 2025 பிப்ரவரியில் வடமொழிக்கும் மக்களவையில் மொழிபெயர்ப்பு வசதி அறிவிக்கப்பட்டது. வடமொழியும் வினையை இறுதியில் நிறுத்தும் வழக்குடையதே. அப்போது எவரும் வினைமுற்றைப் பற்றிக் கவலைப்படவில்லையே! அண்ணாமலையார் சந்நிதியில் அதே மொழியில் ஓதப்படும்போது, கேட்டு நிற்கும் உழவனுக்கு மொழிபெயர்க்க ஆளில்லை. புரியாதது அங்கே புனிதம். தமிழன் அவையில் தமிழ் பேசினால் மட்டும் வினைமுற்று குறுக்கே நிற்கிறதாம்!

குறுக்கே நிற்பது வினைமுற்றன்று. கேட்க மறுக்கும் செவி!